மாமனார் வண்டிக்குக் கம்ப்ரஷன் பார்த்த கதை

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்தான். ஆலங்குடியில் சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்து இருபது வருஷமாக வண்டி பார்க்கிறவன், சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு வைத்தியம் சொல்லக் கூடாது. நான் சொன்னேன்.

அன்றைக்கு மாமனார் வீட்டில் விருந்து. காலையில் அவர் தன் வேனைக் கிளப்பியபோது பின்னாலிருந்து நீலப் புகை குபுக்கென்று வந்து வாசலில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை மறைத்தது. இலையில் இரண்டாவது தடவை ரசம் வாங்கும்போது, யாரும் கேட்காமலே, "மாமா வண்டியில ரிங்கு போயிருச்சு போல. எஞ்சின இறக்கணும்" என்று சொல்லித் தொலைத்தேன். சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான், என் மனைவியின் தம்பி, அப்போது வீடியோ காலில் இருந்தான். அப்பா ஓட்டினது போதும், வண்டியை வித்துட்டு வீட்டில் உட்காரணும் என்று மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருப்பவன். நான் சொன்ன ஒரு வரி அவனுக்கு அல்வா மாதிரி ஆகிவிட்டது.

"பாத்தீங்களாப்பா, மச்சானே சொல்லிட்டாரு."

மாமனார் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாப்ள ஷெட்டுல மெஷின் இருக்குல்ல. அத வச்சுப் பாக்கட்டும். எஞ்சின் போச்சுன்னு முள்ளு சொன்னா, நானே சாவியக் கொடுத்துர்றேன்."

எல்லோரும் சரி என்றார்கள். என் மனைவி மட்டும் என்னைப் பார்த்த பார்வையில், வீட்டுக்குப் போனதும் எனக்கு இருக்கிறது என்பது தெரிந்தது.

அந்த வேன் அவருக்கு வெறும் வண்டி இல்லை. காலையில் ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு முந்திரி உடைக்கும் கொட்டகைக்குப் போவார். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். நடுவில் யாருக்காவது ஆஸ்பத்திரி, யாருக்காவது காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமையில் கொடும்பாளூர் கோயில் பார்க்க வருகிறவர்கள் கிடைத்தால் அது போனஸ். அந்தப் பெண்கள் அவரை "அண்ணே" என்பார்கள். வழி முழுக்க அவர்கள் பேசுகிற ஊர்ச்செய்தியை எல்லாம் கேட்டுக்கொண்டு ஒன்றுமே கேட்காதவர் மாதிரி ஓட்டுவார். அத்தை போன பிறகு அவர் ஒரு நாளில் கேட்கிற மனிதக்குரல் பெரும்பாலும் அதுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் ரசம் வாங்கிக்கொண்டு அப்படிச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை, கொட்டகைக்கு ஆட்களை இறக்கிவிட்டு நேரே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஏதோ பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார்.

"வாங்க மாமா. டீ சொல்லவா?"

"இருக்கட்டுங்க மாப்ள. நீங்க வேலையப் பாருங்க."

எங்களுக்குள் பேச்சு எப்போதும் இவ்வளவுதான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நான் அவரிடம் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் விஷயம் பேசிக்கொள்வது எங்கள் பக்கத்தில் அவ்வளவு அழகில்லை. அவருக்கு என்னிடம் ஏதாவது ஆக வேண்டுமென்றால் மகளிடம் சொல்வார். அவள் என்னிடம் சொல்வாள். நான் பக்கத்திலேயே நின்றாலும் இதுதான் வழி. ஒரு தடவை என் லுங்கியில் கட்டெறும்பு ஏறியதையும் இப்படித்தான் எனக்குத் தெரிவித்தார். செய்தி வந்து சேர்வதற்குள் எறும்பு தன் வேலையை முடித்துவிட்டது.

வண்டி ஓடி வந்த சூட்டோடு இருந்தது, நல்லது. சூடான எஞ்சினில்தான் பார்க்க வேண்டும். இந்த வேனுக்கு எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். இடது பக்கத்துச் சீட்டைத் தூக்கி நிறுத்தினேன். பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கினேன், காயில் ஒயரைக் கழற்றினேன். மூன்று பிளக்கையும் எடுத்து வரிசையாக ஒரு துணியில் வைத்தேன். செல்ஃப் அடித்து ஓட்டைகளில் இருந்த கரித்தூசியை வெளியே ஊதவிட்டேன். அப்போது எஞ்சின் சுற்றுவது சோம்பலாக இருந்தது. பேட்டரி தளர்ந்திருக்கிறது. மெதுவாகச் சுற்றினால் நல்ல எஞ்சினும் குறைவாகத்தான் காட்டும். எனக்கு ஆயிரம் கெட்ட குணம் இருக்கலாம், ஆனால் அளவெடுக்கிற விஷயத்தில் ஏமாற்ற மாட்டேன்.

"மாமா, எதிர்க் கடையில சார்ஜ் போட்ட பேட்டரி ஒண்ணு வாங்கிட்டு வாரேன். மூணு நிமிசம்."

"போயிட்டு வாங்க மாப்ள, போயிட்டு வாங்க" என்றார். அவர் எதற்கும் இரண்டு தடவை சொல்கிறவர் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திரும்பி வந்து பேட்டரியை மாட்டினேன். கேஜை எடுத்தேன். அது வட்டமான ஒரு மீட்டர், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், நுனியில் மரை. பிளக் இருந்த ஓட்டையில் அதை முறுக்கி ஏற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றினால், பிஸ்டன் மேலே வந்து காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று முள் சொல்லும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கோ, அது உரசி ஓடும் சிலிண்டர் சுவரோ தேய்ந்திருந்தால் காற்று இடுக்கு வழியாகக் கீழே ஓடிவிடும், முள் ஏறாது. இந்த எஞ்சினுக்குப் புதிதில் நூற்றுத் தொண்ணூறு காட்டும். நூற்று அறுபதுக்குக் கீழே போனால் எஞ்சினை இறக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலும் யோசிக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

மாமாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். "ஆக்சிலேட்டர அடிவரைக்கும் மிதிச்சுக்கங்க மாமா. நான் சொன்னதும் சாவியத் திருப்புங்க." காற்று தாராளமாக உள்ளே போனால்தான் அளவு சரியாக வரும்.

முதல் சிலிண்டரில் கேஜ். "திருப்புங்க."

டுக், டுக், டுக்.

முள் ஏறியது. நூற்றைம்பது, நூற்றெண்பது, இருநூறு. இன்னும் ஏறியது. இருநூற்று முப்பதில் போய் நின்றது. அதே நேரம் திறந்திருந்த மற்ற இரண்டு ஓட்டைகளிலிருந்தும் பிச்சுக் பிச்சுக்கென்று எண்ணெய் பீய்ச்சியது. என் முகத்தில், மீசையில், மாமனாரின் வெள்ளை வேட்டியில் முழங்கால்வரை.

புத்தம்புது எஞ்சினே நூற்றுத் தொண்ணூறுதான். பதினாலு வருஷம் முந்திரிக்கொட்டைச் சாக்கோடும் ஆட்களோடும் அலைந்த எஞ்சின் இருநூற்று முப்பது காட்டுகிறது என்றால், மாமனாருக்கே இன்னொரு கல்யாணம் பண்ணிவைக்கலாம்.

கேஜைக் கழற்றினேன். குழாயின் நுனியிலிருந்து எண்ணெய் சொட்டியது. புது எண்ணெய், தேன் நிறம். எஞ்சினுக்குள் ஓடிய எண்ணெய் கறுப்பாக அல்லவா இருக்கும்? சீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அரை லிட்டர் எண்ணெய் டப்பா ஒன்று, மூடி சரியாகத் திருகாமல், அவருடைய துண்டுக்கு அடியில் படுத்திருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கத் திட்டியிருப்பேன். ஆனால் இவர் மாமனார். நான் என்ன செய்ய முடியும்? போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஒங்கப்பாகிட்ட, பிளக் ஓட்டைக்குள்ள எண்ணெய் ஊத்துனாங்களான்னு கேளு."

"நீங்க பக்கத்துலதான நிக்கிறீங்க?"

"நான் எப்பிடிக் கேக்குறது? நீ கேளு."

"அப்பா, எண்ணெய் ஊத்துனீங்களா?"

மாமனார் போனுக்கு ரொம்ப மரியாதையாகக் குனிந்து, "எஞ்சினுக்குள்ள எண்ணெய் இல்லாம என்னம்மா இருக்கும், பாயசமா இருக்கும்?" என்றார்.

"அப்பா."

அவர் வேட்டியில் இருந்த எண்ணெய்க் கறையை விரலால் தேய்த்தார். அது இன்னும் பரவியது.

"ஓட்டைக்கு ரெண்டு மூடிதாம்மா. மாப்ளகூட முன்ன ஒரு டாக்டர் வண்டிக்கு ஊத்துனாரு. நாந்தான் இங்கன நின்னு பாத்தேனே. முள்ளு ஏறாம கெடந்துச்சு, எண்ணெய ஊத்துனதும் சரசரன்னு ஏறுச்சு. அத மாதிரி நம்மளும் கொஞ்சம் ஏத்திக்கிட்டா என்னன்னு..."

எனக்குக் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. அந்த டாக்டர் வண்டிக்கு நான் செய்தது ஈரச் சோதனை. முள் குறைவாகக் காட்டினால் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்ப்போம். எண்ணெய் ரிங்கின் இடுக்கைக் கொஞ்ச நேரம் அடைக்கும். அப்போது முள் நன்றாக ஏறினால் குற்றம் ரிங்கிலோ சிலிண்டரிலோ என்று அர்த்தம். ஏறாவிட்டால் வால்வு பக்கம் தேட வேண்டும். அது நோய் எங்கே என்று கண்டுபிடிக்கிற வேலை. மாமனார் அதை மருந்து என்று நினைத்துக்கொண்டார். அதுவும் இரண்டு மூடி! பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடமே கொஞ்சம்தான். அதில் எண்ணெய் நிரம்பினால் முள் ஆகாயத்துக்கு ஏறாமல் என்ன செய்யும்? இதே மாதிரி நிறைய ஊற்றி, பிளக்கையும் மாட்டிச் செல்ஃப் அடித்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து, நிஜமாகவே எஞ்சின் போயிருக்கும்.

"ஒங்கப்பாகிட்ட சொல்லு, இது செல்லாது, மறுபடி பாக்கணும்."

"அவரு பக்கத்துலதான நிக்கிறாரு!" என்று கத்திவிட்டு, "இருங்க, நானே வாரேன்" என்று போனை வைத்தாள்.

ஓட்டைகளின் மேல் துணியைப் போட்டுச் செல்ஃப் அடித்து எண்ணெயை வெளியே தள்ளினேன். பிறகு பிளக், ஃபியூஸ், ஒயர் எல்லாம் மாட்டி வண்டியைக் கிளப்பினேன். உள்ளே மிச்சமிருந்த எண்ணெய் எரிய ஆரம்பித்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ரோடு காணாமல் போனது. புதுக்கோட்டை பஸ் ஒன்று ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஊர்ந்து போனது. டீக்கடைக்காரர் வடைத் தட்டை முறத்தால் மூடிக்கொண்டு என் குடும்பத்தை விசாரித்தார். அந்தக் குடும்பத்தின் பெரியவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. மாமனார் புகைக்குள் நின்று துண்டால் வீசிக்கொண்டிருந்தார்.

ஊர் எல்லை வரைக்கும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன். அதற்குள் புகை அடங்கிவிட்டது. சுத்தமாக அடங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தேன், இல்லை. ரிங் போன வண்டி என்றால் மேடு ஏறும்போதெல்லாம் புகைய வேண்டும். நான் இந்த வண்டி புகைந்து பார்த்ததெல்லாம் காலையில் முதல் தடவை கிளப்பும்போது மட்டும்தான். ரசம் வாங்கும்போது சொன்னது நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தால் மனைவி நிற்கிறாள், கையில் போன், போனில் மச்சான். எண்ணெய் ஊற்றிய கதை அதற்குள் அவனுக்குப் போய்விட்டது. அங்கே மதியச் சாப்பாட்டு இடைவேளையாம். தங்கை புருஷனையும் அப்பாவையும் தனியாக விட்டால் சரிப்படாது என்று நினைத்திருப்பான் போல. இல்லை, அக்காள் புருஷன். அவன் முறைக்கிற முறைப்பில் உறவே மறந்துவிட்டது.

"மச்சான், நான் பாக்கணும். கேமராவ முள்ளுக்கு நேரா வைக்கச் சொல்லுங்க."

"வை, நல்லா வை. ஒன் அக்காவே படிச்சுச் சொல்லட்டும்" என்றேன்.

மறுபடி பிளக்கைக் கழற்றி, துடைத்து, முதல் சிலிண்டரில் கேஜை மாட்டினேன். மாமனார் சீட்டில் ஏறினார். "திருப்புங்க."

டுக், டுக், டுக், டுக். முள் நூற்று இருபதில் நின்றுவிட்டது.

"பாத்தீங்களா!" என்றான் மச்சான். என் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தேன். மாமனாரின் கால் ஆக்சிலேட்டரில் இருந்தது, ஆனால் மிதிக்கவில்லை. சும்மா மேலே இருந்தது. முந்தி உள்ளே எண்ணெய் இருக்கிறது என்ற தைரியத்தில் அடிவரைக்கும் மிதித்தவர், இப்போது பயத்தில் காலைத் தூக்கிவிட்டார். காற்றுக்கு வழியில்லாமல் எஞ்சின் எதை அழுத்தும்?

"மாமா, மிதிங்க!" என்று கத்தினேன். "அமுக்கி மிதிங்க! ஒங்க வண்டிய நீங்களே கழுத்த நெரிக்கிறீங்க!"

பத்தொன்பது வருஷத்தில் நான் அவரை நேருக்கு நேர் அதட்டியது அதுதான் முதல் தடவை. அவர் பயந்துபோய் அடிவரைக்கும் மிதித்தார்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு டுக் எண்ணினேன். என் மனைவி படித்துப் படித்துப் பேனாவால் உள்ளங்கையில் எழுதினாள். நூற்று எழுபத்திரண்டு. நூற்று அறுபத்தாறு. நூற்று எழுபது.

மூன்றும் கிட்டத்தட்ட ஒரே உயரம். புதிது இல்லை, ஆனால் போகவும் இல்லை. வயசுக்கு ஏற்ற எஞ்சின்.

"காலையில எண்ணெய் ஊத்துன மிச்சமா இருக்கும்" என்றான் மச்சான். "நீங்களும் அப்பாவும் ஒரே கூட்டு மச்சான்."

என் அளவையே சந்தேகப்பட்டுவிட்டான். இதற்குப் பிறகு நான் விடுவேனா? "சரிடா மாப்ள, கண்ணால பாரு" என்று ஸ்பூனை எடுத்தேன். மச்சானை நான் கோபத்தில் மட்டும்தான் மாப்ள என்பேன். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரே ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெய். "மிச்ச எண்ணெயெல்லாம் அப்பவே புகையா எரிஞ்சு போச்சு. ரிங்கு தேஞ்சிருந்தா, இப்ப புதுசா எண்ணெய் விட்டதும் முள்ளு முப்பது நாப்பது எகிறணும். எகிறுதான்னு பாரு." கேஜை மாட்டினேன். நூற்று எண்பத்திரண்டு. நூற்று எழுபத்தேழு. நூற்று எண்பது. பத்துப் பத்துதான் கூடியது. நல்ல எஞ்சினிலும் எண்ணெய் விட்டால் அவ்வளவு கூடத்தான் செய்யும்.

"ரிங்கும் நல்லாருக்கு, சிலிண்டரும் நல்லாருக்கு" என்றேன். "ராத்திரி நிக்கிறப்ப வால்வு ரப்பர் சீல் வழியா எண்ணெய் உள்ள கசியுது. காலையில மொதல்ல கிளப்புறப்ப அதுதான் புகையுது. மேல இருக்கிற ஹெட்ட மட்டும் கழட்டி சீல் மாத்துனாப் போதும், ரெண்டு நாள் வேலை. அன்னிக்கு எல முன்னாடி நான் சொன்னது தப்பு. என் வாய் சும்மா இருந்திருக்கணும்."

மச்சான் வண்டியை விற்கிற பேச்சை விட்டுவிட்டு, "சீட்டு பெல்ட்டாவது போடச் சொல்லுங்க" என்றான். சொன்ன சொல்லில் நிற்பதில் அப்பனும் மகனும் ஒன்று. என் மனைவி உள்ளங்கையை விரித்துப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்தாள், அந்த மை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அவள் கிளம்பிப் போனாள். நான் பிளக்குகளை மாட்டி முடித்தேன். மாமனார் இன்னும் டிரைவர் சீட்டிலேயே, எண்ணெய் வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். நான் துணியில் கை துடைக்கும்போது மெல்ல இறங்கி வந்தார். சுற்றிலும் பார்த்தார். பிறகு என் இரண்டு கையையும், கரியும் எண்ணெயுமாக இருந்ததைப் பொருட்படுத்தாமல், சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள," என்றார் கிசுகிசுப்பாக. "என் மகன் கேமராவுல பாத்துக்கிட்டு இருக்கிறப்பவே ஊத்துனீங்களே. அதுவும் ஸ்பூன எடுத்துக் காட்டிக்காட்டி! நான் திருட்டுத்தனமா ஊத்தி மாட்டிக்கிட்டேன். நீங்க பகல் வெளிச்சத்துல, எல்லாரு முன்னாடியும்... எனக்காக இம்புட்டுத் தூரம்..."

அவர் கண் கலங்கியிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். மாமா, அது அப்படி இல்லை, உங்கள் எஞ்சின் நிஜமாகவே நன்றாக இருக்கிறது, எண்ணெய் விடுவதற்கு முன்னாலேயே நூற்று எழுபது காட்டியது என்று சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. என் கேஜில் இதுவரை ஒரு பொய் அளவு எடுத்ததில்லை என்பதும் நாக்கு நுனியில் இருந்தது. அவர் கையோ என் கையை விடவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்க மாமா" என்றேன்.